அப்பா படத்துக்கு மீசையும் கண்ணாடியும்: முகம் மாறாமல் வைத்துப் பார்ப்பது எப்படி?

"நான் போட்டோ பார்த்து ஆயில் பெயின்டிங் வரைந்து கொடுக்கிறேன். ஒரு குடும்பத்தார் மறைந்த அப்பாவின் பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தந்திருக்கிறார்கள். அதில் மீசையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கடைசிக் காலத்தில் இரண்டும் இருந்ததாம், அப்படியே வேண்டுமாம். ஏஐ செயலியில் போட்டால் மீசை அழகாக வருகிறது, ஆனால் முகம் வேறு யாரோ போல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?"

அந்தச் செயலி உங்கள் போட்டோவின் மேல் மீசையை ஒட்டுவதில்லை. போட்டோவைப் பார்த்து முழுப் படத்தையும் புதிதாக உண்டாக்கித் தருகிறது. கண்ணோரச் சுருக்கம், மூக்கின் நுனி, உதட்டு ஓரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. சேர்ந்து பார்க்கும்போது ஆள் மாறிவிடுவார். நானும் ஆரம்பத்தில் அப்படி ஒன்றை வீட்டுக்காரர்களிடம் காட்டினேன். அந்த அம்மா ஒரே பார்வையில், "இது அவரோட தம்பி மாதிரி இருக்குப்பா" என்றார்.

அதனால் செயலி தரும் படத்தை மீசை எடுக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகம் எப்போதும் பழைய போட்டோவிலிருந்தே வர வேண்டும்.

பாஸ்போர்ட் போட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் திறங்கள். செயலி தந்த படத்தை Open as Layers மூலம் அதன் மேல் கொண்டுவாருங்கள். அளவு பெரும்பாலும் மாறித்தான் வந்திருக்கும். மேல் லேயரின் மோடை Difference என்று மாற்றினால், இரண்டு படமும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகவும் ஒத்துப்போகாத இடம் வெளிச்சமாகவும் தெரியும். மூக்குத் துவாரமும் வாயின் இரு ஓரங்களும் முடிந்தவரை கறுக்கும்வரை மேல் லேயரை நகர்த்தி, அளவைக் கூட்டிக் குறையுங்கள். கண்கள் பொருந்தாவிட்டால் பரவாயில்லை, கண்ணை அங்கிருந்து எடுக்கப்போவதில்லை.

பொருந்தியதும் மோடைத் திரும்ப Normal ஆக்குங்கள். அந்த லேயருக்கு Add Layer Mask கொடுத்து, கறுப்பு மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் மீசைப் படம் மொத்தமாக மறைந்துவிடும். இனி மென்மையான பிரஷில் வெள்ளை எடுத்து, மீசை இருக்கும் இடத்தில் மட்டும் மாஸ்க்கில் தடவுங்கள். மயிரின் விளிம்போடு நிறுத்திவிடாமல், அது மேலுதட்டில் விழும் மெல்லிய நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழல் இல்லாத மீசை நாடக மேடையில் ஒட்டியதைப் போல இருக்கும். மூக்கின் அடிப்பகுதிக்குப் போகாதீர்கள், முகம் மாற ஆரம்பிப்பது அங்கேதான். தாடியாக இருந்தால் தாடைக்கு வெளியே மயிர் நீளும் அளவுக்குப் பின்னணியையும் சேர்த்துத் தடவ வேண்டும்.

மீசையைக் கையாலேயே வரைவது உங்களுக்குச் சுலபம் என்றால் அதுவும் நல்லதுதான். ஆனால் ஒன்று: கறுப்பு மீசைக்கு Multiply மோட் பொருந்தும், நரைத்த மீசைக்குப் பொருந்தாது. அந்த மோட் அடியில் உள்ள நிறத்தை இருட்டாக்க மட்டுமே செய்யும், வெளுக்கச் செய்யாது. நரைக்கு முதலில் மங்கலான நிழலை Multiply-இல் போட்டு, அதன் மேல் Normal லேயரில் வெள்ளை மயிர்களை இழுங்கள்.

அடுத்து கண்ணாடி. அவர் போட்டிருந்த கண்ணாடி வீட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதை ஒரு வெள்ளைத் தாளின் முன் நேராக நிறுத்தி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து படம் எடுங்கள். கிட்டே போனால் ஃப்ரேமின் நடுப்பகுதி உப்பித் தெரியும். தாள் தூய வெள்ளையாகும்வரை வெளிச்சத்தைக் கூட்டி, Multiply மோடில் முகத்தின் மேல் வைத்தால் வெள்ளை காணாமல் போய் ஃப்ரேம் மட்டும் நிற்கும். கறுப்பு, பழுப்பு ஃப்ரேமுக்கு இது போதும். தங்க நிற மெட்டல் ஃப்ரேமில் மினுமினுப்பு போய்விடும் என்பதால் அதை வெட்டி எடுத்து Normal-இல் வைக்க வேண்டும்.

அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். பெரியவர்களின் கருவிழி வட்டம் சராசரியாக 11.7 மில்லிமீட்டர் அகலம், ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. உங்கள் ஸ்கேனில் கருவிழி 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3.4 பிக்சல். கண்ணாடிக் காதுக்கம்பியின் உட்புறத்தில் 50, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்கின் மேல் வரும் இடைவெளி, கம்பியின் நீளம். ஒரு லென்ஸ் 170 பிக்சல், இடைவெளி 61 பிக்சல் வர வேண்டும். அந்த அளவுக்கு ஃப்ரேமைச் சுருக்கி வைத்தால் சரியாக உட்காரும். கண்பாப்பா லென்ஸின் நடு உயரத்துக்குச் சற்று மேலே வரட்டும். பிறகு ஃப்ரேம் லேயரை நகலெடுத்து, Multiply-இல் வைத்த ஃப்ரேமானால் நகலில் உள்ள வெள்ளையை Color to Alpha மூலம் நீக்கி, ஃப்ரேமை மட்டும் முழுக்கக் கறுப்பாக்கி, போட்டோவில் வெளிச்சம் விழும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சில பிக்சல் நகர்த்தி, Gaussian Blur கொடுத்து, 20 சதவீத அடர்த்தியில் ஃப்ரேமுக்குக் கீழே வையுங்கள். கன்னத்தில் அந்த நிழல் விழுந்த பிறகுதான் கண்ணாடி முகத்தில் இருப்பதாகத் தோன்றும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நிஜக் கண்ணாடி கண்ணின் தோற்றத்தை மாற்றும். மைனஸ் 6 பவர் என்றால் கண் ஏறக்குறைய 7 சதவீதம் சிறுத்துத் தெரியும், லென்ஸுக்குள் கன்னத்தின் ஓரக் கோடு உள்ளே தள்ளித் தெரியும். பிளஸ் 10 போன்ற தடித்த லென்ஸில் கண் 15 சதவீதத்துக்குக் குறையாமல் பெரிதாகத் தெரியும். பிளஸ் 2 வெறும் 3 சதவீதம்தான், விட்டுவிடலாம். ஒப்புதலுக்குக் காட்டும் படத்தில் நான் கண்ணைத் தொடுவதே இல்லை. முகம் அவருடையதுதானா என்பது அங்கே தீர்மானமாகட்டும். பவர் அதிகம் என்றால் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அந்த மாற்றத்தை ஓவியத்தில் செய்யுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. New from Visible கொடுத்து, வந்த லேயரை Difference ஆக்கி, அதையும் மூலப் போட்டோவையும் தவிர மற்ற லேயர்களை மறையுங்கள். மீசை, ஃப்ரேம், அவற்றின் நிழல் ஆகிய இடங்களைத் தவிர எல்லாம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். மங்கலான மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் இன்னொரு முறை New from Visible கொடுத்து, அந்தப் புது லேயரில் Levels மூலம் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். உதட்டோரம் சாம்பலாகத் தெரிந்தால் மாஸ்க் அங்கே கசிந்திருக்கிறது, கறுப்புப் பிரஷால் மூடுங்கள். வேலையை லேயர்கள் கலையாத XCF ஆக வைத்திருங்கள், அனுப்ப PNG போதும். JPEG ஆகச் சேமித்தால் படம் முழுவதும் பிக்சல் லேசாக மாறிவிடும், அதன்பின் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

இத்தனைக்குப் பிறகும், "மூக்கு கொஞ்சம் குட்டையாகிவிட்டதே" என்று யாராவது சொல்லலாம். மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மீசை மறைப்பதால் அப்படித் தோன்றும். மூலத்தையும் புதியதையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டுப் பக்கத்தில் வைத்து, மீசையை விரலால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். மீசை எவ்வளவு அகலம், நுனி கீழே இறங்கியதா என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு மாஸ்க்கைத் திருத்திவிட்டால், கேன்வாஸில் கோடு போட ஆரம்பிக்கலாம்.