கொரிய வங்கிச் செயலியில் எது உறுதி, எது ரத்து?

கேள்வி: நான் இலங்கையிலிருந்து வந்து ஆன்சானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மாத வாடகை 350,000 வொன்னை வங்கிச் செயலி மூலம் வீட்டுக்காரருக்கு அனுப்புகிறேன். கடைசித் திரையில் இரண்டு பொத்தான்கள் வருகின்றன. எனக்குக் கொரிய எழுத்து வாசிக்கத் தெரியாது. போன மாதம் தொகையைத் தவறாக அடித்துவிட்டு, பின்னால் போகும் பொத்தானைத் தட்டினேன். ஒரு சிறு பெட்டி வந்தது. ரத்து என்று நண்பர் சொல்லித் தந்திருந்த பொத்தானையே அதில் அழுத்தினேன். பெட்டி மறைந்தது, ஆனால் அனுப்பும் திரை அப்படியே நின்றது. நான் அழுத்தியது ரத்துதானா, உறுதியா?

பதில்: தாங்கள் அழுத்தியது ரத்துப் பொத்தானேதான். ஆனால் அந்தப் பெட்டியில் அது ரத்து செய்தது பணப் பரிமாற்றத்தை அல்ல, தங்களுடைய பின்வாங்கலை. இதை விளக்குவதற்கு முன் அந்த இரண்டு சொற்களையும் கண்ணால் பிரித்தறியும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

உறுதி செய்வதற்கான சொல் 확인. இதை ஏறத்தாழ ‘ஹ்வாகின்’ என்று உச்சரிப்பார்கள். ரத்துக்கான சொல் 취소, அதாவது ஏறத்தாழ ‘ச்வீஸோ’. இரண்டுமே இரண்டிரண்டு எழுத்துக் கட்டங்களாக இருப்பதால் அவசரத்தில் ஒன்றுபோலத் தோன்றும். வாசிக்கத் தெரியாதவர் வட்டத்தைத் தேடினால் போதும். 확인 என்பதில் இரண்டு கட்டங்களிலும் ஒரு சிறு வட்டம் இருக்கும்: முதல் கட்டத்தில் மேல்கோட்டுக்குக் கீழே, இரண்டாவதில் இடப்புறம் மேலே. 취소 என்பதில் வட்டமே கிடையாது. அதன் இரண்டாம் கட்டத்தில் ஓலைக் கூரைபோல இரண்டு கோடுகள் சாய்ந்து நிற்கும். ஆனால் இந்தச் சோதனை இந்த ஒரு சோடிக்கு மட்டுமே பொருந்தும். ‘அனுப்பு’ என்னும் 보내기 பொத்தானில் வட்டம் இல்லை, ஆனால் அது பணத்தை முன்னே நகர்த்தும் பொத்தான். ‘முந்தையது’ என்னும் 이전 பொத்தானில் வட்டம் உண்டு, ஆனால் அது பின்னே கொண்டுபோகும். ஆகவே இந்த இரண்டையும் தனியாக மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

நிறத்தையும் இடத்தையும் நம்பலாமா என்று பலர் கேட்பார்கள். பொதுவாக 취소 இடப்புறம் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ இருக்கும். 확인 வலப்புறம் அந்த வங்கியின் நிறத்தால் நிரப்பப்பட்டிருக்கும். இது வழக்கமே தவிர விதியன்று. மேலும், கணக்கு எண்ணையோ தொகையையோ முழுமையாக உள்ளிடாதவரை முன்னே செல்லும் பொத்தானே மங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில் கிடக்கும் என்பதால், சாம்பல் என்றால் ரத்து என்று பழகிக்கொண்டவர்கள் அங்கே ஏமாந்துபோவார்கள். நிறம் ஓர் அடையாளம் மட்டுமே. முடிவு செய்ய வேண்டியது எழுத்தைக் கொண்டு.

இனித் தங்களுக்கு நேர்ந்ததைப் படிப்படியாகப் பார்ப்போம். தொகையை உள்ளிட்ட பிறகு வரும் சரிபார்ப்புத் திரையில் பெறுபவரின் பெயர், வங்கி, கணக்கு எண், 350,000원 என்னும் தொகை, கட்டணம் ஆகியவை இருக்கும். அடியில் 취소, 확인 என்னும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில செயலிகளில் 확인 இருக்க வேண்டிய இடத்தில் 이체하기 என்றோ 보내기 என்றோ இருக்கும், அவையும் ‘அனுப்பு’ என்பதே. இந்தத் திரையில் 취소 என்றால் பணப் பரிமாற்றத்தைக் கைவிடுவது. இதில் குழப்பமில்லை.

தாங்கள் அந்தப் பொத்தானைத் தொடாமல் கைபேசியின் பின்செல்லும் பொத்தானைத் தட்டியதால், செயலி ஒரு பெட்டியைத் திறந்து 이체를 취소하시겠습니까? என்று கேட்டிருக்கும். ‘பரிமாற்றத்தை ரத்து செய்கிறீர்களா?’ என்பது இதன் பொருள். இதன் கீழேயும் அதே 취소, 확인 பொத்தான்களை வைத்துவிடுகிறார்கள். இங்கே 확인 என்றால் ‘ஆம், ரத்து செய்’; 취소 என்றால் ‘இல்லை, ரத்து வேண்டாம், திரும்பப் போ’. தாங்கள் 취소 அழுத்தியதும் பெட்டி மறைந்து, அனுப்பும் திரை அப்படியே நின்றதற்குக் காரணம் இதுதான். செயலியில் பழுது எதுவும் இல்லை. ஒரே சொல்லைக் கேள்வியிலும் பொத்தானிலும் வைத்து இப்படி வடிவமைப்பவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். கொரியர்களே ஒரு கணம் நின்று வாசிக்க வேண்டிய பெட்டி இது. ஒழுங்கான செயலிகளில் இதே இடத்தில் 예 (ஆம்), 아니요 (இல்லை) என்று இருக்கும். 예 ஒரே கட்டம், 아니요 மூன்று கட்டங்கள் என்பதால் வாசிக்காமலேயே பிரித்துவிடலாம்.

ஆகவே பொத்தானைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அதற்கு மேலே உள்ள வாக்கியத்துக்கு அது விடை. வாக்கியம் முழுவதும் வாசிக்க வராவிட்டாலும், அதில் 취소 (ரத்து), 중단 (நிறுத்தம்), 종료 (முடித்து வெளியேறுதல்) ஆகிய சொற்களில் ஒன்று தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால் அங்கே 확인, 예 இரண்டும் பணத்தை அனுப்பாமல் நிறுத்தும். அவற்றுக்குப் பதிலாக 이체 (பரிமாற்றம்), 송금 (பணம் அனுப்புதல்), 계속 (தொடர்ந்து), 진행 (மேற்செல்லுதல்) ஆகியவை மட்டும் இருந்தால் அதே பொத்தான்கள் பணத்தை முன்னே நகர்த்தும். 이체, 취소 இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியத்தில் வந்தால், தங்களுக்கு வந்ததைப் போலவே, அது ரத்தைப் பற்றிய கேள்விதான்.

சரிபார்ப்புத் திரையில் 확인 அழுத்திய உடனே பெரும்பாலும் பணம் போய்விடாது. அதன்பின் நான்கு இலக்கக் கணக்குக் கடவெண்ணையோ, ஆறு இலக்கச் சான்றிதழ் எண்ணையோ கேட்பார்கள். அது ஏற்கப்படும்போதுதான் பணம் நகர்கிறது. இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி வரும் அந்த விசைப்பலகையில் 전체삭제 என்பது அடித்ததை எல்லாம் அழிப்பது, 입력완료 என்பது உள்ளீடு முடிந்தது என்பது. எனவே 확인 அழுத்திய பின் சந்தேகம் வந்தால், கடவெண்ணை அடிக்காமல் வெளியேறிவிடலாம். ஆனால் விரல்ரேகை அல்லது முகம் காட்டி அனுப்பும் எளிய முறையைத் தாங்கள் பதிந்து வைத்திருந்தால் இந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை. முகத்தைக் கைபேசி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பொத்தானைத் தொட்ட மறுநொடி வேலை முடிந்துவிடும். வாசிக்கப் பழகும்வரை கடவெண் முறையிலேயே இருப்பது தங்களுக்கு நல்லது.

தொகையைப் பற்றியும் ஒரு சொல். தொகைப் பெட்டியின் கீழே +1만, +10만 போன்ற விரைவுப் பொத்தான்களோடு 전액 என்று ஒன்று இருக்கும். 만 என்பது பத்தாயிரம்; தங்கள் வாடகை 35만 என்று காட்டப்படும். 전액 என்பது கணக்கில் உள்ள முழுத் தொகை. கை தவறி அதைத் தொட்டால் மீதியெல்லாம் தொகைப் பெட்டியில் ஏறிவிடும். கடைசித் திரையில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பணம் போன பிறகு 이체완료 என்றோ 이체가 완료되었습니다 என்றோ ஒரு திரை வரும். 완료 என்றால் முடிந்தது. அதன் அடியிலும் ஒரு 확인 இருக்கும். அது திரையை மூடுவதற்கு மட்டுமே. அதை அழுத்தாவிட்டால் பணம் போகாது என்று எண்ணி, செயலியை மூடிவிட்டு மறுபடி அனுப்பி, இரட்டை வாடகை கட்டிவிடுபவர்கள் உண்டு. பக்கத்தில் உள்ள 추가이체 இன்னொரு பரிமாற்றத்தைத் தொடங்கும் பொத்தான். அதைத் தொட வேண்டாம். ஐயம் இருந்தால் 거래내역 என்னும் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, இன்றைய தேதியில் 출금, அதாவது ‘பணம் வெளியேறியது’ என்று 350,000 பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

பழகிப் பார்க்க விரும்பினால், வேறொரு வங்கியில் தங்கள் பெயரிலேயே உள்ள கணக்குக்கு 1,000 வொன் அனுப்பிப் பாருங்கள். இடையில் பின்செல்லும் பொத்தானைத் தட்டி, பெட்டி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். திரையைப் படம்பிடித்து மொழிபெயர்க்கும் வழி பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பலிக்காது, வங்கிச் செயலிகள் படம்பிடிப்பதைத் தடுத்துவிடும். இன்னொரு கைபேசியின் கேமராவால் பார்க்கலாம், ஆனால் கணக்கு எண்ணை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கடவெண் திரையை யாருக்கும் எதற்கும் காட்ட வேண்டாம்.

கேள்வி: தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டது. செயலியில் 취소 பொத்தான் எங்கேயும் இல்லையே. எப்படித் திரும்பப் பெறுவது?

பதில்: கொரியாவில் வங்கிகளுக்கிடையிலான பரிமாற்றம் உடனுக்குடன் நடந்துவிடுவதால், முடிந்த பரிமாற்றத்துக்கு ரத்துப் பொத்தான் என்பதே கிடையாது. தாமதிக்காமல் தாங்கள் அனுப்பிய வங்கியை அழைத்து, 착오송금 (தவறுதலாக அனுப்பிய பணம்) என்று சொல்லித் திருப்பித் தரும்படி கோரிக்கை பதியச் சொல்லுங்கள். வங்கி தானாகவே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தராது. பெற்றவரைத் தொடர்புகொண்டு சம்மதம் கேட்கும். அவர் மறுத்தாலோ, அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலோ, 예금보험공사 என்னும் வைப்புக் காப்பீட்டுக் கழகத்திடம் செல்லலாம். 2021 ஜூலை 6 முதல் நடந்த பரிமாற்றங்களுக்கு இந்த உதவி உண்டு. தொகை குறைந்தது 50,000 வொன் இருக்க வேண்டும், அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மீட்கும் செலவைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருவார்கள். ஏமாற்றுக்காரருக்குத் தாங்களாகவே அனுப்பிய பணத்துக்கு இது பொருந்தாது. அதற்கு உடனே காவல்துறையையும் வங்கியையும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும்.

அனுப்பிய பிறகும் ரத்து செய்யும் வாய்ப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே வங்கியில் 지연이체 என்னும் தாமதப் பரிமாற்றச் சேவைக்குப் பதிந்துகொள்ளலாம். 2015இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் பணம் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்தே பெறுபவரிடம் சேரும், சேர்வதற்கு 30 நிமிடம் முன்புவரை ரத்து செய்யலாம். அந்த நேரத்துக்குள் செயலியைத் திறந்து தங்கள் தாமதப் பரிமாற்றங்களின் பட்டியலைப் பார்த்தால் 취소 அங்கே இருக்கும். வாடகையைக் கடைசி நாள் மாலையில் அனுப்பும் பழக்கம் உள்ளவருக்கு இந்த மூன்று மணி நேரம் இடைஞ்சலாக இருக்கலாம். அப்படியானால் ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.