வாட்ச் ஸ்பெக் ஷீட்டில் முதலில் தேட வேண்டியது லக்-டு-லக்

"முதல்முறையா ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கப் போறேன். பெசல், கேஸ்பேக், கிரவுன், லக்-டு-லக், காலிபர்னு போட்டிருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?"

ஆன்லைனில் வாங்குபவர் என்றே எடுத்துக்கொள்கிறேன், கடையில் என்றால் கட்டிப் பார்த்துவிடலாம். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் SRPD55-ஐ வைத்துச் சொல்கிறேன்.

ஸ்ட்ராப் மாட்டும் நான்கு காதுகள்தான் லக். மேல் காதின் நுனியிலிருந்து கீழ் காதின் நுனி வரை உள்ள நீளம் லக்-டு-லக். இந்த வாட்சின் விட்டம் 42.5 மிமீ, லக்-டு-லக் 46 மிமீ. உங்கள் மணிக்கட்டின் மேல்புறத்தில் ஸ்கேலை வைத்து, வளைவு தொடங்கும்வரை உள்ள தட்டையான அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 50 மிமீ இருந்தால் கச்சிதமாக உட்காரும். 44தான் என்றால் காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காது கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓரிரு மிமீ கூடினாலும் பரவாயில்லை என்பார்கள். ஸ்ட்ராப்புக்கு அது சரி, உலோகச் செயினில் முதல் கண்ணி விறைப்பாக நீட்டி நின்றால் அந்தக் கணக்கு உதவாது. இவ்வளவு முக்கியமான அளவைப் பல விற்பனைப் பக்கங்கள் போடுவதே இல்லை. விட்டத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, வாங்கியவர் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள். சில பட்டியல்களில் வெறும் 'நீளம்' என்றிருக்கும், அதுவும் இதேதான்.

பெசல் என்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். இதில் ஒரு பக்கமாக மட்டும் சுழலும். முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் கடந்தது என்பதை வளையத்திலேயே படிக்கலாம்.

இந்த வளையத்தைப் பார்த்து டைவிங் வாட்ச் என்று ஏமாறாதீர்கள். கிரவுனைப் பாருங்கள், நாம் சாவி என்போமே, அதுதான். இதில் திருகி மூடும் சாவி கிடையாது, இழுத்து அழுத்துவதுதான். 100 மீட்டர் என்று போட்டிருப்பதால் மழைக்கும் நீச்சலுக்கும் தாங்கும், சாவி முழுக்க உள்ளே அழுந்தியிருந்தால். ஒரு கிளிக் வெளியே நின்றால் தண்ணீர் புக வழி உண்டு. கை கழுவப் போகுமுன்கூட ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

காலிபர் உள்ளே ஓடும் எந்திரத்தின் பெயர். இதில் 4R36. நாளொன்றுக்கு 45 விநாடி வேகமாகவோ 35 விநாடி மெதுவாகவோ ஓடலாம் என்று நிறுவனமே சொல்கிறது. வாரத்தில் ஐந்து நிமிடம் முந்தினாலோ நான்கு நிமிடம் பிந்தினாலோ பழுது என்று நினைக்காதீர்கள்.

கேஸ்பேக் பின்மூடி. இதில் கண்ணாடி பதித்திருப்பதால், கை அசைவில் சுற்றி வாட்சுக்குச் சாவி கொடுக்கும் ரோட்டார் என்ற எடைத்தகடு சுற்றுவது தெரியும். மூடியின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணில் முதல் நான்கு எழுத்துகள்தான் காலிபர். பழைய வாட்ச் வாங்கினால் அங்கே 4R36 இருக்கிறதா பாருங்கள். பிறகு சாவியைக் கடைசிவரை இழுங்கள். விநாடி முள் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், உள்ளே விநாடி முள்ளை நிறுத்தும் வசதி இல்லாத பழைய காலிபர் 7S26-ஐப் போட்டிருக்கிறார்களா என்று மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.