கூட்டு மீட்டரும் வகுத்த கணக்கும்

கேள்வி: காரைக்குடி அருகே பூர்விக வீட்டில் இருக்கிறோம். வளவும் இரண்டாம் கட்டும் எங்கள் பங்கு. பின்கட்டில் கொழுந்தனார் குடும்பம் தனிச் சமையலோடு இருக்கிறது. எங்கள் மீட்டரிலிருந்துதான் அவர்களுக்கும் லைன் போகிறது. சென்ற முறை 680 யூனிட், ரூ.3,636 வந்தது. அவர்கள் சப் மீட்டரில் 260 யூனிட் ஓடியிருந்ததால், பில்லை யூனிட்டால் வகுத்து ரூ.1,390 கொடுத்துவிட்டார். கொச்சியில் இருக்கும் சம்பந்தி, வாஷிங் மெஷினை இரவு பத்து மணிக்கு மேல் போடச் சொல்கிறார். சோலார் நிறுவனத்தார், மாதம் ரூ.2,500 தவணையில் 3 கிலோவாட் போட்டால் பில்லே வராது என்கிறார்கள். கடன் வாங்கலாமா?

பதில்: சம்பந்தியின் யோசனை அவர் ஊருக்குப் பொருந்தும். கேரளத்தில் அதிக மின்சாரம் செலவழிக்கும் வீடுகளுக்கு, மாலை ஆறு முதல் இரவு பத்து வரை ஓடும் யூனிட்டுக்கு விலை கூடுதல். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்னும் ஸ்லாப் கணக்குதான். இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் என்பதை மட்டுமே அது பார்க்கிறது. நள்ளிரவில் துவைத்தாலும் நண்பகலில் துவைத்தாலும் உங்கள் பில் ஒன்றே.

உங்களுக்கு நட்டம் வருவது அந்த வகுத்தல் கணக்கினால். ரூ.1,390 நியாயமான தொகை போலத் தெரிகிறது. ஆனால் ஸ்லாப் முறையில் எல்லா யூனிட்டும் ஒரே விலையில் வருவதில்லை. 2024 ஜூலையில் மாறிய விகிதப்படி, மானியம் போக நாம் கட்டுவதை வைத்துப் பார்ப்போம். 500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் ரூ.2.35, அதன்பின் 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. ஐந்நூறைத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு ரூ.8.40, அறுநூறுக்கு மேல் ரூ.9.45 என்று ஏறுவதோடு, கீழே இருந்த ரூ.2.35 சலுகையும் பறிபோய், அந்த நூறு யூனிட்டும் ரூ.4.70 ஆகிவிடுகிறது. அதனால்தான் 500 யூனிட்டுக்கு ரூ.1,805 கட்டுகிறவர், 510 யூனிட்டுக்கு ரூ.2,124 கட்ட வேண்டியிருக்கிறது. பத்து யூனிட்டுக்கு ரூ.319!

இப்போது உங்கள் வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செலவு 420 யூனிட். தனியாக இருந்திருந்தால் பில் ரூ.1,301. அவருடைய 260 யூனிட் சேர்ந்ததால் கூடியது ரூ.2,335, அதாவது யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது ரூபாய். அவர் தந்ததைக் கழித்தால் ஒவ்வொரு பில்லுக்கும் ரூ.945 உங்கள் கையை விட்டுப் போகிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவருக்கென்று ஒரு மீட்டர் இருந்தால் அந்த 260 யூனிட்டுக்கு அவர் கட்டுவது ரூ.517 மட்டுமே, ஆகவே அவரும் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டரில் மொத்தம் ரூ.1,818 வர வேண்டிய இடத்தில், சரியாக அதன் இருமடங்கைக் கட்டுகிறீர்கள். இதே அளவில் ஓடினால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வீண்.

எனவே பின்கட்டுக்கு அவர் பெயரில் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பூர்விகச் சொத்து பிரிக்கப்படாமல் இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும்; பெரிய வீடுகளில் வேலை இழுபடுவது பெரும்பாலும் இதில்தான், அதை முதலில் முடியுங்கள். பின்கட்டின் வயரிங் உங்கள் பக்கத்திலிருந்து முழுதும் பிரிந்திருக்க வேண்டும். இரண்டு பகுதிக்கும் இடையே உள்ள வழியும் நிலையான தடுப்பால் பிரிந்திருக்க வேண்டும். இரண்டு குடும்பம் உண்மையாகவே தனித்தனியாக இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஒரே குடும்பம் ஸ்லாபை உடைப்பதற்காக இரண்டு மீட்டர் வைத்தால், ஆய்வில் தெரியவரும்போது மின்வாரியம் அவற்றை ஒன்றாக்கிவிடக்கூடும்.

சோலார்காரரின் கணக்கு ரூ.3,636-ஐ வைத்துப் போடப்பட்டது, ஆண்டுக்கு ரூ.21,800 மிச்சம் என்று காட்டியிருப்பார். மீட்டர் பிரிந்தபின் உங்கள் பில் ஆண்டுக்கு ரூ.7,800-தான், அதை முழுவதும் ஒழித்தாலும் அவ்வளவே மிச்சம். அதற்காக ஆண்டுக்கு ரூ.30,000 தவணை கட்டப் போகிறீர்களா? மத்திய அரசு 3 கிலோவாட்டுக்குத் தரும் ரூ.78,000 மானியம் போனபின்னும் இந்தக் கணக்கு நேராகாது. கடன் வேண்டாம், வீட்டில் ஏசி கூடி, உங்கள் பங்கு மட்டுமே ஐந்நூறைத் தாண்டும் நாளில் சோலாரைப் பற்றி யோசிக்கலாம்.

புது மீட்டர் வரும்வரை வகுப்பதை நிறுத்துங்கள். உங்கள் யூனிட்டுக்குத் தனியாக என்ன வருமோ அதை நீங்கள் கட்டுங்கள், மீதியை அவர் தரட்டும். ரூ.2,335-ஐக் கண்டு அவர் முகம் சுளிக்கலாம், அப்போது ரூ.517 கணக்கையும் சேர்த்துக் காட்டினால், விண்ணப்பத்தை அவரே விரைவுபடுத்துவார்.