போர்க்கப்பல் எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்வது

கேள்வி: போர்க்கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்தே அது எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிவிட முடியுமா? கொடியைப் பார்த்தால் போதாதா?

கொடி தெரிந்தால் போதும்தான். ஆனால் காற்று இல்லாதபோது அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கடற்படைக்காரன் அல்ல, சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தவன். "உனக்கென்ன தெரியும்" என்று கேட்கவிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏடன் வளைகுடாவில் கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்த காலத்தில், தொலைவில் தெரியும் சாம்பல் நிறக் கப்பல் யாருடையது என்று பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

ஒரு நாள் காலை எங்கள் வலப்புறம் ஃபிரிகேட் எனப்படும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல் ஒன்று வந்தது. கேப்டன் பார்த்தவுடனே "டச்சுக்காரன்" என்றார். அதே உருவத்தை ராட்டர்டாமில் பலமுறை பார்த்திருக்கிறாராம். பைனாகுலரில் எனக்குத் தெரிந்தது எஃப் 931. "சார், இது பெல்ஜியம்" என்றேன். கப்பலைத் தெரியாதவன் எண்ணைப் படிக்கிறான் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். சற்று நேரத்தில் அது திரும்பியபோது பின்புறக் கொடி விரிந்தது. வெள்ளைத் துணியில் பெருக்கல் குறி போலக் கறுப்பு, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். பெல்ஜியக் கடற்படைக் கொடி. கேப்டன் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

அவர் பார்த்த உருவத்தில் தவறே இல்லை. அந்தக் கப்பலின் பெயர் லூயிஸ்-மரி. நெதர்லாந்து 1990களில் சேவையில் சேர்த்த எட்டு ஃபிரிகேட்களில் ஒன்று. அப்போது அதன் பெயர் வில்லெம் வான் டெர் ஸான், எண் எஃப் 829. அந்த எட்டில் இரண்டை பெல்ஜியமும், இரண்டை போர்த்துகலும், இரண்டை சிலியும் வாங்கிக்கொண்டன. நெதர்லாந்திடம் மிஞ்சியவை எஃப் 828, எஃப் 831 இரண்டும்தான். போர்த்துகல் வாங்கிய வான் நெஸ், எஃப் 833 என்ற எண்ணை விட்டுவிட்டு எஃப் 333 ஆனது. சிலியில் எழுத்தே மாறி, எஃப்எஃப் 15, எஃப்எஃப் 18 என்று ஆகிவிட்டன. ஒரே வார்ப்பு, நான்கு கடற்படைகள். இங்கே உருவத்தை நம்பினால் நாடு தவறிவிடும்.

எழுத்து கப்பலின் வகையைச் சொல்கிறது. எஃப் என்றால் ஃபிரிகேட், டி என்றால் நாசகாரி, ஆர் என்றால் விமானந்தாங்கி, எம் என்றால் கண்ணிவெடி அகற்றுவது, ஏ என்றால் துணைக் கப்பல். பிரிட்டன் 1948இல் கொண்டுவந்த முறை இது. நேட்டோவின் ஐரோப்பிய நாடுகள் பல இதில் சேர்ந்து, ஒரே எண் இரண்டு கப்பல்களுக்கு வராதபடி ஆளுக்கொரு எண் வரிசையைப் பிரித்துக்கொண்டன. ஃபிரிகேட்களில் எண்ணூறில் தொடங்கும் எண்கள் நெதர்லாந்துக்கு, தொள்ளாயிரத்தில் தொடங்குபவை பெல்ஜியத்துக்கு.

எல்லா வரிசையும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. முந்நூறுகளை நார்வே, டென்மார்க், போர்த்துகல் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. இருநூறுகள் பெரிய குழப்பம்: எஃப் 222 ஜெர்மனி, எஃப் 229 பிரிட்டன், எஃப் 240 துருக்கி. நேட்டோவிலேயே இல்லாத பாகிஸ்தானின் ஜுல்ஃபிகார் எஃப் 251. பிரிட்டிஷ் எழுத்து முறையை வைத்துக்கொண்டு எண்ணைத் தங்கள் விருப்பப்படி கொடுக்கும் கடற்படைகள் பல. நம் ஷிவாலிக் எஃப் 47, நியூசிலாந்தின் தே காஹா எஃப் 77. ஆகவே எழுத்தும் இரண்டு இலக்கமும் மட்டும் தெரிந்தால் நாட்டை அறுதியிட்டுச் சொல்லாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் எங்களுக்குக் கொடுத்திருந்த பைனாகுலரின் ஒரு கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. புதிது கேட்டு எழுதியதற்கு நிறுவனம் "அடுத்த துறைமுகத்தில்" என்றே பதில் எழுதிக்கொண்டிருந்தது. நல்லது ஒன்று கேப்டன் அறையில் பூட்டியிருந்தது. கொள்ளையர் பகுதியில் கண்காணிப்பை இரட்டிப்பாக்குங்கள் என்ற சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. அந்த ஒற்றைக் கண்ணில்தான் 931ஐப் படித்தேன்.

எழுத்தே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் கணக்கு வேறு. அமெரிக்க நாசகாரிகளில் வெள்ளை எண்ணும் அதற்குக் கறுப்பு நிழலும் இருக்கும். டிடிஜி என்ற வகைக் குறியை ஏட்டில் எழுதுவார்கள், பக்கவாட்டில் எழுதுவதில்லை. சீனா, ஜப்பான், கனடாவும் எண்ணை மட்டுமே எழுதுகின்றன. ரஷ்யர்கள் எழுதும் மூன்று இலக்கம் கப்பலோடு நிலைத்திருப்பதில்லை. ஒரு கடற்படைப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எண்ணும் மாறலாம். பழைய படத்தில் இருக்கும் எண்ணை வைத்து ரஷ்யக் கப்பலின் பெயரைத் தேடினால் வேறு கப்பல் வந்து நிற்கும். அங்கே முதலில் படம் எடுத்த ஆண்டைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள்.