அளவுகோல் முதலில், மாற்று வழிகள் பிறகு: கேஸ் ஸ்டடி விடையைக் கட்டும் முறை

கேள்வி: எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். கேஸ் ஸ்டடி வினாவுக்குப் பிரச்சினை, மாற்று வழிகள், அளவுகோல்கள், பரிந்துரை என்று நான்கு தலைப்பும் போட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பாதி மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. ‘கேஸைத் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள், ஆய்வு இல்லை’ என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதித் தருகிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: தலைப்புகளை மாற்ற வேண்டாம். ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பு பிறக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான விடைத்தாள்களில் நான்கும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. பிரச்சினையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, எந்தக் கேஸுக்கும் பொருந்துகிற ‘செலவு, நேரம், தரம்’ என்ற மூன்று சொற்களை அளவுகோலாக வைத்து, ஏற்கெனவே மனதுக்குப் பிடித்த வழியைப் பரிந்துரைப்பதைத் திருத்துபவர் உடனே கண்டுகொள்கிறார்.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று. குறித்த நாளில் அனுப்பப்படும் ஆர்டர்கள் ஓராண்டில் 92 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாகக் குறைந்துவிட்டன. விற்பனையில் 35 சதவீதத்தைத் தரும் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள், ஆறு மாதத்தில் சரியாகாவிட்டால் வேறிடம் போவதாக எழுதியிருக்கிறார்கள். புதிய கடைசல் இயந்திரங்கள் வேண்டும் என்கிறார் விற்பனை மேலாளர். அவசர ஆர்டர்களை அளவில்லாமல் ஏற்பதுதான் காரணம் என்கிறார் உற்பத்தி மேலாளர். கேஸின் கடைசியில் இருக்கும் அட்டவணை வேறொன்றைக் காட்டுகிறது: கடைசல் பிரிவிலிருந்து நாளொன்றுக்கு 24 பம்ப் வருகிறது; சோதனைப் பிரிவால் 20 பம்பைத்தான் சோதிக்க முடிகிறது; சோதனைக்காக ஏற்கெனவே 600 பம்ப் காத்திருக்கின்றன.

‘டெலிவரி தாமதமாகிறது’ என்று எழுதினால் அது அறிகுறிதான். ‘புதிய இயந்திரம் இல்லை’ என்று எழுதினால் அது பிரச்சினையின் வேடத்தில் வரும் தீர்வு. அப்படித் தொடங்கினால் மற்ற வழிகளுக்கு இடமே இருக்காது. இங்கே பிரச்சினையை இப்படி எழுதலாம்: ‘சோதனைப் பிரிவின் திறன் வரத்தைவிடக் குறைவாக இருப்பதால் நாளொன்றுக்கு 4 பம்ப் தேங்குகிறது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்களை இழக்காமல் இந்தத் தேக்கத்தை ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது எப்படி?’ காரணம், கெடு, பணயம் மூன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. விற்பனை மேலாளரின் யோசனை ஏன் உதவாது என்பதும் தானாகவே தெரிகிறது: புதிய கடைசல் இயந்திரம் சோதனைக்கு முன்னால் நிற்கும் குவியலைத்தான் பெருக்கும். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். கேஸில் யாரோ சொன்னார் என்பதற்காக அதை முழு மாற்று வழியாக விரிக்க வேண்டாம்.

அடுத்து அளவுகோல்கள். வினாத்தாள் எந்த வரிசையில் தலைப்பு கேட்டாலும், உங்கள் குறிப்புத் தாளில் மாற்று வழிகளுக்கு முன்பே இவற்றை முடிவு செய்துவிடுங்கள். வழிகளைப் பார்த்த பிறகு அளவுகோல் தேடினால், பிடித்த வழிக்குச் சாதகமானவைதான் கையில் அகப்படும். ஒவ்வொரு அளவுகோலுக்கும் கேஸிலிருந்து எடுத்த ஓர் எல்லை இருக்க வேண்டும். ‘நேரம்’ என்பது போதாது. ‘ஆறு மாதத்துக்குள் தேக்கம் தீர வேண்டும்’ என்பது அளவுகோல். ‘செலவு’ போதாது, கேஸில் கையிருப்பு 40 லட்சம் என்று இருந்தால் அதுவே எல்லை. ஒப்பந்தப்படி சோதனை நிறுவனத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற நிபந்தனை கேஸில் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும், அது மூன்றாவது. இந்த மூன்றும் கட்டாயமானவை. ஒன்றில் தவறினாலும் அந்த வழி விலகிவிடும். ஊழியர்மேல் விழும் சுமை போன்றவை விரும்பத்தக்கவை. கட்டாயங்களைத் தாண்டி வந்த வழிகளை ஒப்பிடும்போதுதான் அவற்றுக்கு வேலை.

இப்போது மாற்று வழிகள். எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 25 வேலை நாள் என்றால், ஆறு மாதத்தில் தேக்கம் 600-லிருந்து 1,200 ஆகிவிடும். இரண்டாவது சோதனை மேடை வாங்கினால் செலவு 50 லட்சம், நிறுவ ஏழு மாதம் என்கிறது கேஸ். இரண்டு கட்டாயங்களில் தவறுகிறது. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், ஒரே மாதத்தில் தொடங்கிவிடலாம். ஆனால் ஒப்பந்தம் இடம் தராது. சோதனையில் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கினால் ஆண்டுச் செலவு 14 லட்சம், ஆட்களுக்குப் பயிற்சி இரண்டு மாதம், அதன்பின் நாளொன்றுக்குக் கூடுதலாக 12 பம்ப்.

பெரும்பாலோர் இங்கே ‘இரண்டாவது ஷிஃப்டே சிறந்தது’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு படி மேலே போய்க் கணக்குப் போடுங்கள். பயிற்சி நடக்கும் இரண்டு மாதத்தில் மேலும் 200 பம்ப் சேர்ந்து தேக்கம் 800 ஆகும். பிறகு நாளொன்றுக்கு 32 சோதனை, 24 வரத்து. எட்டு எட்டாகத்தான் குறையும். 800 தீர 100 வேலை நாள், அதாவது நான்கு மாதம். மொத்தம் சரியாக ஆறு மாதம். கெடுவுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஓர் ஊழியர் விலகினாலும் திட்டம் தவறிவிடும்.

உற்பத்தி மேலாளரின் புகார் இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. பயிற்சிக் காலத்தில் மட்டும் மற்ற வாடிக்கையாளர்களின் அவசர ஆர்டர்களைத் தள்ளிவைத்து, வரத்தை 20-ஆகக் குறைத்தால் தேக்கம் 600-லேயே நிற்கும். அது 75 வேலை நாளில் தீரும். மொத்தம் ஐந்து மாதம். ஒரு மாதம் கையில் மிஞ்சுகிறது. இரண்டு வழிகளை இப்படி இணைக்கலாம் என்பது கணக்கிலிருந்து வந்ததால் திருத்துபவர் ஏற்றுக்கொள்வார். கணக்கில்லாமல் ‘எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாம்’ என்று எழுதினால், முடிவெடுக்கத் தயங்குகிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும்.

ஒவ்வோர் அளவுகோலுக்கும் எடை கொடுத்துக் கூட்டும் அட்டவணையை மாணவர்கள் மிகவும் விரும்புகிறார்கள். எடை 30, 25 என்று எங்கிருந்து வந்தது என்பதற்குக் கேஸில் ஆதாரம் இல்லையென்றால் அதைத் தவிர்த்துவிடுவதே மேல் என்பேன். எடையைச் சற்று மாற்றினாலே வெற்றி பெறும் வழியும் மாறினால், அந்த அட்டவணை எதையும் நிரூபிக்கவில்லை. பழக்கத்தின் பேரில் முதல் பக்கத்தில் எழுதப்படும் பலம்-பலவீனப் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும். முடிவைத் தொடாத வரி மதிப்பெண்ணையும் தொடாது.

பரிந்துரையின் முதல் வாக்கியமே முடிவாக இருக்கட்டும்: ‘சோதனைப் பிரிவில் இரண்டாவது ஷிஃப்டைத் தொடங்கி, முதல் இரண்டு மாதம் அவசர ஆர்டர்களைக் கட்டுப்படுத்த வேண்டும்.’ அடுத்து, கட்டாயங்கள் மூன்றும் எப்படி நிறைவேறுகின்றன என்று ஒவ்வொரு வரி. பிறகு யார், எப்போது: பயிற்சி உற்பத்தி மேலாளரிடம், தள்ளிவைக்கும் ஆர்டர்களின் பட்டியல் விற்பனை மேலாளரிடம், இரண்டு பெரிய வாடிக்கையாளர்களுக்கு அட்டவணையுடன் கடிதம் முதல் வாரத்திலேயே. இதன் விலையையும் மறைக்க வேண்டாம்: தள்ளிவைக்கப்பட்ட ஆர்டர்களில் சில கைநழுவலாம். கடைசியாக, திட்டம் தடம் புரள்கிறதா என்று எதைப் பார்த்து அறிவது? ஷிஃப்ட் தொடங்கிய முதல் மாதத்தில் தேக்கம் 200 குறைய வேண்டும். 100-தான் குறைந்தது என்றால் அவசர ஆர்டர் கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒரு மணி நேர வினா என்றால், அட்டவணைகள் உட்பட வாசிக்கவும் குறிப்பெடுக்கவும் 20 நிமிடத்தைத் தயங்காமல் செலவிடுங்கள். கேஸின் கதைச் சுருக்கத்தை எழுதவே வேண்டாம். திருத்துபவர் அதை நன்கு அறிவார். நேரம் நெருக்கினால் மாற்று வழிகளின் விளக்கத்தைச் சுருக்குங்கள், பரிந்துரையைச் சுருக்காதீர்கள்.