ஆஃபர் மெயிலைத் தமிழாக்கும்போது: சம்பளமும் நோட்டீஸும்

கல்லூரி முடித்தவர், திருச்சி: அக்கா, எனக்கு வந்த ஆஃபர் மெயிலை அப்பா படிக்கத் தமிழில் எழுதுகிறேன். 'சிடிசி ஆண்டுக்கு 6,00,000, வேரியபிள் பே 60,000 வரை உட்பட' என்று இருக்கிறது. மாதச் சம்பளம் 50,000 என்று போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அப்பா அந்த 50,000-ஐ நம்பி வீட்டுச் செலவுக் கணக்கே போட்டுவிடுவார். சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் பாதிக்கு மேல் கைக்கு வரும், ஆனால் முழுசாக வராது.

மெயிலோடு சம்பளப் பட்டியல் ஒன்று வந்திருக்குமே, அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், சிடிசியில் பாதி என்று வைத்துக்கொண்டால் மாதம் 25,000. நிறுவனம் கட்டும் பிஎஃப் பேசிக்கில் 12 சதவீதம், ஆண்டுக்கு 36,000. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்குப் பேசிக்கில் 4.81 சதவீதம், 14,430. வேரியபிள் 60,000. இந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் 4,89,570, அதாவது மாதம் சுமார் 40,800. அதிலும் உங்கள் பங்கு பிஎஃப் 3,000 போகும். ஏறக்குறைய 37,800 கைக்கு வரும், தொழில் வரி தனி. சில நிறுவனங்கள் பிஎஃப்பை பேசிக்கில் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிடும். அப்படியென்றால் தொகை மாறும், அதனால் பட்டியலில் உள்ளதையே எடுங்கள்.

தமிழில் இப்படி எழுதுங்கள்: 'ஆண்டுக்கு நிறுவனத்தின் மொத்தச் செலவு ரூ.6,00,000. இதற்குள் ரூ.60,000 வரை செயல்திறன் ஊதியம் அடங்கும்.' 'வரை'யை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் 60,000 நிச்சயம் என்று ஆகிவிடும். உண்மையில் ஒன்றுமே வராமலும் போகலாம்.

ஓய்வுபெற்ற கணக்கர், சென்னை: கிராஜுவிட்டி ஐந்து வருஷம் முடித்தவனுக்குத்தானே! அதைச் சம்பளத்தில் காட்டுவதே தப்பு. தமிழில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஐயா, ஐந்து வருஷக் கணக்கு பொதுவாகச் சரிதான். ஆனால் வரியை எடுத்தால் கூட்டுத்தொகை 6,00,000-க்கு வராது, அப்பா அங்கேயே குழம்புவார். அவர்கள் எழுதியதை அப்படியே வைத்துவிட்டு, கீழே 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று தனியாகப் போட்டு நீங்கள் சொன்னதை எழுதலாம். மெயில் சொல்வது எது, நாம் சொல்வது எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஆவணங்கள் மொழிபெயர்ப்பவர், கோவை: ஓர் ஆங்கில ஆஃபர் மெயிலில் இப்படி ஒரு வரி: 'இரு தரப்பில் எவரும் 60 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம், நிறுவனத்தின் விருப்பப்படி.' கடைசித் துண்டு எதோடு சேரும்?

இதுதான் எனக்கும் தூக்கம் கெடுக்கும் வாக்கியம். ஊழியர் பணம் கட்டிவிட்டு உடனே போகலாமா, அல்லது நிறுவனம் 'பணம் வேண்டாம், 60 நாளும் இரு' என்று சொல்லலாமா? முதல் பொருளில் வழி ஊழியர் கையில், இரண்டாவதில் நிறுவனத்தின் கையில். பல நிறுவனங்கள் இரண்டாவதாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஆங்கில வாக்கியம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

தமிழில் 'நிறுவனம் விரும்பினால்' என்பதை வாக்கியத்தின் நடுவில் எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் அதைத் தனி வாக்கியமாக்குவேன்: 'இது நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது.' 'இது' எதைக் குறிக்கிறது என்ற சந்தேகம் மூலத்தில் இருப்பதுபோலவே தமிழிலும் நிற்கும். அப்புறம் குறிப்பில் இரண்டு பொருளையும் எழுதி, கையெழுத்துக்கு முன் எச்ஆரிடம் மெயிலில் கேட்கச் சொல்வேன். 'ஈடான சம்பளம்' பேசிக்கா, மொத்த மாதச் சம்பளமா என்பதையும் அதே மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஒன்று 50,000, இன்னொன்று 81,600.

ஐடி ஊழியர், ஓசூர்: எனக்கு 90 நாள் நோட்டீஸ், புதிய இடத்தில் 30 நாளில் வரச் சொல்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் எப்படி எழுதுவது?

தம்பி, இங்கே பேசுவது மொழிபெயர்ப்பு பற்றி. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கடிதத்துக்கு முன்னால் உங்கள் பழைய ஆஃபரில் மேலே சொன்ன 'நோட்டீஸ் அல்லது ஈடான சம்பளம்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மீதி 60 நாளுக்குப் பணம் ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை புதிய இடத்தில் தேதி உறுதி செய்யாதீர்கள்.

எச்ஆர் பணியாளர், சென்னை: '60 நாள்' என்றால் காலண்டர் நாள்தானே, அதில் என்ன குழப்பம்? தமிழில் 'இரண்டு மாதம்' என்றே போடலாமே?

நீங்கள் காலண்டர் நாள் என்று நினைக்கிறீர்கள், மெயிலில் அந்தச் சொல் இல்லை. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவர் அதை வேலை நாளாக எடுத்தால் 12 வாரம் ஆகிவிடும். 'இரண்டு மாதம்' என்றாலும் அதே சிக்கல்: ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்தால் 62 நாள், பிப்ரவரி இடையில் வந்தால் 59 ஆகலாம். தமிழில் 60 நாள் என்றே இருக்கட்டும். மூலத்தில் 'காலண்டர்' என்ற ஒரு சொல்லை நீங்கள் சேர்த்து அனுப்பினால் எங்களுக்குக் குறிப்பே எழுத வேண்டியிருக்காது.