தம்பிக்கு 31, எனக்கு 14, அம்மாவுக்கு 5: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஆறு மாதம் முன்பு வலிப்பு வந்து, பக்கவாதம் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மெலாஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய் என்றார்கள். ரத்தத்தில் m.3243A>G என்ற மரபணுப் பிழை, 31 சதவீதம். பிறகு எங்களுக்கும் பார்த்தார்கள். எனக்கு (34 வயது) 14 சதவீதம், அம்மாவுக்கு (61) 5 சதவீதம். அம்மாவுக்குச் சர்க்கரையும் காது மந்தமும் உண்டு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அம்மாவைவிட எனக்கு ஏன் அதிகம்? தம்பியின் நான்கு வயது மகளுக்கும் பார்க்க வேண்டுமா? நான் தாய்மாமா மகனைக் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் என் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்கிறார்கள். நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: தம்பி மகளிடமிருந்து தொடங்குகிறேன். அவளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

நம் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. அதில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. ஆனால் செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். உங்கள் குடும்பத்தில் உள்ள பிழை அந்த வளையத்தின் 3243-ஆம் இடத்தில் இருக்கிறது. கருமுட்டையில் இந்த வளையங்கள் லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணு கொண்டுவருவது சொற்பம். அதையும் முட்டை அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. தந்தைவழி மைட்டோகாண்ட்ரியா ஒருவரது தசையில் இருந்ததாக 2002-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை வந்தது உண்மைதான். ஆனால் அது விதிவிலக்கு. அதை வைத்து எந்தக் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்வதில்லை. உங்கள் தம்பியின் பிழை தம்பியோடு முடிகிறது. அவர் மகளிடம் இருப்பது அவள் அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா.

சொந்தத்தில் கட்டிய விஷயமும் இதே விதியில் தீர்கிறது. உங்கள் கணவர் தாய்மாமாவின் மகன். மாமா உங்கள் பாட்டியிடமிருந்து இந்தப் பிழையைப் பெற்றிருக்கலாம், ஆனால் அதைத் தன் மகனுக்குக் கொடுத்திருக்க முடியாது. உங்கள் கணவரிடம் இருப்பது உங்கள் அத்தையின் மைட்டோகாண்ட்ரியா. தாய்மாமாவையே கட்டியிருந்தாலும் கணக்கு மாறாது: அவர் உடம்பில் பிழை இருக்கக்கூடும், ஆனால் அவரிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. எனவே இந்த நோயைப் பொறுத்தவரை நீங்கள் யாரைக் கட்டினீர்கள் என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. இந்தப் பழியை யாரும் உங்கள் மேல் போட வேண்டாம்.

ஆனால் இதை எல்லா மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் பதின்மூன்றுக்கு மட்டும்தான் அந்த வளையத்தில் குறிப்பு இருக்கிறது. மற்ற அனைத்தும் உட்கரு மரபணுக்களிலிருந்து வருகின்றன. அவற்றில் பிழை இருந்தால் நோயின் பெயர் மைட்டோகாண்ட்ரியா நோய்தான், ஆனால் அது குடும்பத்தில் இறங்கும் விதம் நமக்குப் பழக்கமான விதம். அப்பா அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அங்கே சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். ஆகவே மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு வழியைத் தீர்மானிக்க முடியாது. ரிப்போர்ட்டில் பிழை 'm.' என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது அப்படித்தான் தொடங்குகிறது.

இனி எண்களுக்கு வருவோம். உட்கரு மரபணுவில் ஒருவருக்கு இருப்பது இரண்டே பிரதிகள். பிழை ஒன்றில் இருக்கும், இரண்டிலும் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மைட்டோகாண்ட்ரியா வளையமோ ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருக்கும். நல்ல நெல்லும் பதரும் கலந்த மூட்டை போல, சரியான வளையங்களும் பிழையானவையும் ஒரே செல்லில் கலந்து கிடக்கும். இந்தக் கலப்புக்குத்தான் ஹெட்டிரோபிளாஸ்மி என்று பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள சதவீதம் பதரின் பங்கு. பதர் கொஞ்சம் இருந்தால் செல் சமாளித்துக்கொள்ளும். பல திசுக்களில் 60 முதல் 90 சதவீதத்துக்குள் எங்கோ ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் சக்தி போதாமல் போகிறது. அந்த எல்லை திசுவுக்குத் திசு வேறு. சக்தியை அதிகம் செலவிடும் மூளை, தசை, உட்காது, இதயம், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள் ஆகியவை முதலில் அடிவாங்கும். அதனால்தான் ஒரே பிழை உங்கள் அம்மாவிடம் சர்க்கரையாகவும் காது மந்தமாகவும், தம்பியிடம் மூளைத் தாக்குதலாகவும் வந்திருக்கிறது. அம்மாவின் சர்க்கரை வேறு, தம்பியின் நோய் வேறு என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அப்படியானால் அம்மாவுக்கு 5, உங்களுக்கு 14 எப்படி? இந்தக் குறிப்பிட்ட பிழையில் ரத்த எண் வயதோடு இறங்கிக்கொண்டே போகும். ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் தாய்ச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பவை. பதர் மிகுந்தவை பின்தங்கி, குறைந்தவை பெருகுகின்றன. தசையும் மூளையும் அப்படிப் புதுப்பித்துக்கொள்வதில்லை, அங்கே பதர் தங்கிவிடுகிறது. ஆக 61 வயதில் எடுத்த 5 சதவீதத்தையும் 29 வயதில் எடுத்த 31 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. வயதுக்கேற்பத் திருத்துவதற்கு ஒரு சூத்திரம் புழக்கத்தில் உள்ளது: ரத்த சதவீதத்தை 0.977^(வயது + 12) என்பதால் வகுக்க வேண்டும். உங்கள் மூவருக்கும் போட்டுப் பார்த்தேன்.

```
அம்மா:  5 ÷ 0.977^73 ≈ 27
நீங்கள்: 14 ÷ 0.977^46 ≈ 41
தம்பி: 31 ÷ 0.977^41 ≈ 80
```

இவை துல்லியமான எண்கள் அல்ல, திசையைக் காட்டும் எண்கள். ஆனால் குடும்பக் கதை இப்போது புரியத் தொடங்குகிறது. ரத்தத்தில் வெறும் 5 காட்டிய அம்மாவிடம் உண்மையில் கணிசமான அளவு இருந்திருக்கிறது. தம்பியிடம் எல்லையைத் தாண்டக்கூடிய அளவு. நீங்கள் நடுவில்.

அடுத்து ரத்தத்தோடு நிற்காமல் சிறுநீரிலும் பாருங்கள். சிறுநீரில் உதிரும் செல்களில் இந்தப் பிழை ரத்தத்தைவிடக் கூடுதலாகவும், தசையில் உள்ளதற்குச் சற்று நெருக்கமாகவும் தெரியும். ஊசி தேவையில்லை. ஆனால் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும், ஒரே தடவை எடுத்த எண்ணைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வயதான தாயின் ரத்தத்தைப் பழைய சாங்கர் முறையில் பார்த்துவிட்டு 'பிழை இல்லை' என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. அந்த முறைக்கு 15, 20 சதவீதத்துக்குக் கீழே உள்ளது பெரும்பாலும் தென்படாது. உங்கள் சித்தி, பெரியம்மாவுக்குச் சோதனை செய்யும்போது எந்த முறையில், எந்தத் திசுவில், எத்தனை சதவீதம் வரை கண்டுபிடிக்க முடியும் என்று கேட்டு வாங்குங்கள்.

அவர்களைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கவலைப்பட வேண்டியவர்கள் உங்கள் பாட்டியின் வழியில் வந்தவர்கள்: அம்மாவின் அக்கா தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள், உங்கள் தாய்மாமா. ஆம், உங்கள் மாமனாரேதான். அவரால் யாருக்கும் கொடுக்க முடியாது, ஆனால் அவரிடமே இருக்கலாம். அவருக்குச் சர்க்கரையோ காது மந்தமோ உண்டா என்று கேளுங்கள். இந்த வகைச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஏற்றதல்ல, லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. அம்மா அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்த வேண்டாம். ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தம்பியின் வலிப்பு மாத்திரையில் வால்ப்ரோயேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதையும் பொதுவாகத் தவிர்க்கிறோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால் அதையும் நரம்பியல் மருத்துவரிடம்தான் மாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் பிள்ளை. உங்கள் முட்டைகள் நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டன. அந்தத் தொடக்க நாட்களில் ஒவ்வொரு முட்டைக்கான தாய்ச் செல்லுக்கும் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிதான் கிடைக்கிறது. பிறகு அந்தக் கைப்பிடியே பெருகி முட்டையை நிரப்புகிறது. ஒரு கைப்பிடியில் பதர் அதிகம் வரலாம், அடுத்ததில் மிகக் குறைவாக வரலாம். உங்கள் அம்மாவின் ஒரு முட்டை நீங்களானது, இன்னொன்று தம்பியானது. 41-க்கும் 80-க்கும் உள்ள தூரம் அங்கே விழுந்தது. உங்கள் முட்டைகளிலும் அதே சிதறல் இருக்கும். உங்களுக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஓரளவு பிழை போகும் என்றே கொள்ள வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். எவ்வளவு போகும் என்பதை உங்கள் எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி, நான்கில் ஒன்று என்று உங்களிடம் யாராவது கணக்குச் சொன்னால், அவர் உட்கரு மரபணுவின் கணக்கை இங்கே தவறாகப் போடுகிறார்.

ஆனாலும் வழிகள் இருக்கின்றன. சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, ஐந்தாம் நாள் ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களை எடுத்துச் சதவீதம் பார்க்கலாம். 18 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள கரு நோயின்றி வளர 95 சதவீத வாய்ப்பு உண்டு என்று பழைய குடும்பங்களின் தகவல்களைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பல மையங்கள் அதையொட்டித்தான் தேர்ந்தெடுக்கின்றன. உங்களைப் போல நடுத்தர அளவு உள்ளவர்களுக்கு இது யோசிக்கத் தகுந்த வழி. இயல்பாகக் கருத்தரித்துவிட்டு 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிப்பது இன்னொன்று. மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ வந்தால் பேச வழியிருக்கும். 40, 50 என்று வந்தால் எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பீர்கள் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் சோதனைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

தானமாகப் பெற்ற முட்டை என்றால் இந்தப் பிழை முழுக்க விலகிவிடும். ஒரு நிபந்தனை: அது அக்கா தங்கையுடையதோ சித்தி மகளுடையதோ ஆகக் கூடாது, அவர்களும் அதே பாட்டி வழி. பிரிட்டன் 2015-இல் சட்டம் இயற்றி, தாயின் உட்கருவை மட்டும் இன்னொரு பெண்ணின் முட்டைக்கு மாற்றும் முறையை அனுமதித்தது. அந்த முறையில் பிறந்த எட்டுக் குழந்தைகளைப் பற்றி நியூகாசில் குழு 2025-இல் அறிவித்தது. தாயின் வளையங்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு.

எதைத் தேர்ந்தாலும் கருத்தரிக்கும் முன்பு உங்கள் சர்க்கரை, செவித்திறன், இ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இந்தப் பிழை உள்ள தாய்மார்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைமாதப் பிரசவமும் கூடுதல். மரபணு ஆலோசகரிடம் போகும்போது மூவரின் ரிப்போர்ட்டோடு ஒரு தாளில் பாட்டியிலிருந்து தொடங்கும் குடும்ப வரைபடமும், ஒவ்வொருவர் பெயருக்கும் அருகில் ரத்தம் எடுத்த வயதும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வயது இல்லாத சதவீதத்தை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.